புகார் இல்லை என்பது நற்சான்று அன்று

ஒரு நிறுவனத்தில் பணம் போடுவதற்கு முன்னர், அதன் பெயரோடு ‘புகார்’, ‘மோசடி’ ஆகிய சொற்களைச் சேர்த்து இணையத்தில் தேடிப் பார்ப்பது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கமே. ஆயினும், தேடிய பின்னர் நாம் எடுக்கும் முடிவுகள் பல நேரங்களில் தேடாமல் எடுத்திருக்கக்கூடிய முடிவுகளைவிடச் சிறந்தவையாக இருப்பதில்லை. பக்கம் பக்கமாகப் புகார்கள் வந்தால், “இது மோசமான நிறுவனம்” என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒன்றுமே வராவிட்டால், “கறையில்லாத நிறுவனம்” என்று நிம்மதி அடைகிறோம். இவ்விரு முடிவுகளும் தவறாகலாம். இரண்டாவது முடிவே பணத்தை விழுங்குவது.

இக்கட்டுரையின் கருத்து ஒன்றுதான். இத்தகைய தேடல், ஓரிடத்தில் பணம் போடாதிருக்க ஒரு காரணத்தை நமக்குத் தரலாம். பணம் போடுவதற்கான காரணத்தை ஒருபோதும் தராது. வங்கிக்கு வெளியே நிரந்தர வைப்பு வைக்க நினைக்கும் ஒருவருடைய நிலையிலிருந்து இதனைப் பார்ப்போம். ஓய்வூதியப் பலன், நிலம் விற்ற தொகை, மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம் ஆகியவை பெரும்பாலும் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூடுதல் வட்டி என்னும் பேச்சில்தான் இடம் மாறுகின்றன.

தேடுபொறி காட்டுவது என்ன?

தேடுபொறி எவரையும் விசாரிப்பதில்லை. நாம் கொடுத்த சொற்கள் சேர்ந்து வரும் பக்கங்களை எடுத்துத் தருவதே அதன் பணி. ‘மோசடி’ என்னும் சொல்லும் நிறுவனத்தின் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும், அந்தப் பக்கம் வந்துவிடும். மோசடி செய்தவர் யார், மோசடிக்கு ஆளானவர் யார் என்பது அதற்கு ஒரு பொருட்டன்று.

எந்த ஒரு பெரிய வங்கியின் பெயரையும் இவ்வாறு தேடிப் பாருங்கள். இவ்விதழை வெளியிடும் வங்கியும் இதற்கு விலக்கன்று. வரும் முடிவுகளில் கணிசமானவை அவ்வங்கியே எழுதிய எச்சரிக்கைகளாக இருக்கும்: “மோசடி அழைப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்”, “கடவுச்சொல்லைப் பகிராதீர்கள்” என்பன போன்றவை. ‘புகார்’ என்று தேடினால் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் முகவரியும் உள்ள பக்கம் முதலில் வரக்கூடும். ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிதி நிறுவனங்கள் அத்தகைய விவரத்தை வெளியிடக் கடமைப்பட்டவை. அப்பக்கம் இருப்பது குறையன்று, இல்லாதிருப்பதுதான் கவனிக்கத்தக்கது.

அடுத்து வருவது ஆள்மாறாட்டம். புகழ்பெற்ற ஒரு நிதி நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் போலியாக அச்சிட்டு, “உங்களுக்குக் கடன் ஒப்புதலாகிவிட்டது, பரிசீலனைக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்” என்று கடிதம் அனுப்பும் கும்பல்கள் உண்டு. பணம் இழந்தவர் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே புகார் எழுதுகிறார். அவரது இழப்பு உண்மை. ஆனால் அவர் சுட்டும் நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் எவ்வளவு புகழ்பெற்றதோ, அவ்வளவு அதிகமாக இத்தகைய புகார்கள் சேரும்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். ‘ஸ்ரீ’, ‘லட்சுமி’, ‘பாரத்’, ‘நிதி’, ‘ஃபைனான்ஸ்’ முதலிய சொற்கள் நம் நாட்டில் எத்தனையோ நிறுவனங்களின் பெயர்களில் வருகின்றன. ஒன்றன் பழி இன்னொன்றன் மேல் விழுவதும், ஒன்றன் நற்பெயரில் இன்னொன்று ஒளிந்துகொள்வதும் எளிது. இதற்கு மாற்று, நிறுவன அடையாள எண். கம்பெனிகள் சட்டப்படி பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 21 இடங்கள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா, எந்த மாநிலத்தில் எந்த ஆண்டில் பதிவானது என்பன அதிலேயே அடங்கியிருக்கும். நிறுவனத்தின் கடிதத்தாளில் அது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொண்ட நிறுவனம், இரண்டு ஆண்டுகள் வரை பழைய பெயரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே, தேடத் தொடங்குமுன் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்து, முழுப் பெயரையும் அடையாள எண்ணையும் பழைய பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வது முதல் வேலை. முழுப் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால், அச்சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்களையே தேடுபொறி நாடும்.

```
"நிறுவனத்தின் முழுப் பெயர்" complaint
"நிறுவனத்தின் முழுப் பெயர்" "maturity amount not received"
"நிறுவனத்தின் முழுப் பெயர்" மோசடி before:2024-01-01
site:sebi.gov.in "நிறுவனத்தின் முழுப் பெயர்"
```

நிறுவனத்தின் பெயர் ஆங்கிலத்தில் எவ்வாறு பதிவாகியுள்ளதோ அவ்வாறே இடுவது நன்று. முதல் வரி பொதுவான தேடல். இரண்டாவது, முதிர்வுத் தொகை கிடைக்காதவர்கள் எழுதக்கூடிய சொற்களைக் கொண்டு தேடுவது. மூன்றாவது, குறிப்பிட்ட நாளுக்கு முந்தைய பக்கங்களை மட்டும் கேட்பது. அண்மைக்கால விளம்பர ஆரவாரத்துக்கு அடியில் கிடக்கும் பழைய செய்திகளை அது மேலே கொண்டுவரும். நான்காவது, செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்தின் தளத்துக்குள் மட்டும் தேடுவது.

எத்தனை புகார் என்பதைவிட, எத்தகைய புகார்

இவ்வாறு வடிகட்டிய பின்னரும் உண்மையான புகார்கள் எஞ்சி நிற்கும். அவற்றை எண்ணிப் பார்ப்பதில் பொருள் குறைவு. இருபது லட்சம் வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்தின் மேல் 400 புகார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பத்தாயிரம் பேருக்கு இரண்டு. மூவாயிரம் வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்தின் மேல் ஒன்பதே புகார்கள் என்றால், அது பத்தாயிரம் பேருக்கு முப்பது. திரையில் 400 பெரிதாகவும் 9 சிறிதாகவும் தெரியும், விகிதமோ தலைகீழ். மேலும், குறை உள்ளவர் எழுதுகிறார், நிறைவு பெற்றவர் எழுதுவதில்லை. எனவே புகார்த் தளங்களில் கிடைப்பது எந்த நிறுவனத்துக்கும் முழுப் படமாக இராது.

எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இந்தப் புகாரில் பணம் எந்த இடத்தில் நின்றுபோனது?

கடன் முடிந்தும் தடையில்லாச் சான்றிதழ் தரத் தாமதம், தவணை இருமுறை பிடிக்கப்பட்டது, வசூல் முகவர் மரியாதையின்றிப் பேசினார், வாடிக்கையாளர் சேவை எண்ணில் எவரும் எடுப்பதில்லை என்பன சேவைக் குறைகள். அவை எரிச்சலூட்டுபவை; சில, சட்டப்படி தண்டத்துக்குரியவையும்கூட. ஆனால் வைப்பு வைக்க நினைப்பவருக்கு அவை சொல்வது குறைவு. முதிர்வு நாள் கடந்தும் தொகை வரவில்லை. வட்டி சில மாதங்களாக நின்றுவிட்டது. கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன் “வரி” என்றோ “கட்டணம்” என்றோ மேலும் கேட்கிறார்கள். பணத்துக்குப் பதிலாக மறுமுதலீடு செய்யும்படி வற்புறுத்துகிறார்கள் என்பன வேறு இனம். இவற்றில் பணம் நிறுவனத்துக்குள் போகும் வழி திறந்திருக்கிறது, வெளியே வரும் வழி அடைபட்டிருக்கிறது. முதல் இனத்தில் நானூறு புகார்களைக் காட்டிலும் இரண்டாம் இனத்தில் நான்கு புகார்கள் கனமானவை. அந்த நான்கும் வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு நடையில், ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் எழுதப்பட்டிருந்தால் அவற்றின் கனம் இன்னும் கூடும்.

நாளும் நடையும் கவனத்துக்குரியவை. ஒரே வாரத்தில், ஒரே மாதிரியான சொற்களில், விவரமற்ற இருபது வசைகள் வந்திருந்தால் போட்டியாளரின் கைவேலையாகவும் இருக்கலாம். உண்மையில் பாதிக்கப்பட்டவரின் எழுத்தில் நாள், கிளை, தொகை, எவரிடம் பேசினார், என்ன பதில் வந்தது என்பன இருக்கும். அவ்வாறே, ஒரே அச்சில் வார்த்த இருபது புகழுரைகளையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். “இந்த நிறுவனம் உண்மையானதா, மோசடியா?” என்று கேள்வியைத் தலைப்பாக வைத்து, இறுதியில் “நம்பகமானது” என்று முடித்து, கீழே சேர்வதற்கான இணைப்பைத் தரும் பக்கங்கள் பல உள்ளன. அந்த இணைப்பின் வழியே சேர்வோருக்காக எழுதியவருக்குத் தரகு கிடைக்கும் ஏற்பாடு இருக்கக்கூடும். ‘மோசடி’ என்று தேடுவோரை எதிர்பார்த்தே அந்தத் தலைப்பு வைக்கப்படுகிறது.

ஒழுங்குமுறை அமைப்புகளின் ஆணைகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. எனினும் அவற்றையும் படித்தே எடைபோட வேண்டும். ரிசர்வ் வங்கி, விதிமீறலுக்காக வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அவ்வப்போது அபராதம் விதித்து அறிக்கை வெளியிடுகிறது. பெரிய வங்கிகளும் அப்பட்டியலில் வருவதுண்டு. இந்நடவடிக்கை விதிகளைக் கடைப்பிடிப்பதில் உள்ள குறைபாடுகளைச் சார்ந்தது, வாடிக்கையாளருடன் செய்துகொண்ட எந்தப் பரிவர்த்தனையின் செல்லுபடியையும் பற்றிக் கருத்துரைப்பது அன்று என்னும் கருத்தில் ஒரு வரி அந்த அறிக்கைகளில் வழக்கமாக இடம்பெறுகிறது. ஆக, “அபராதம்” என்ற செய்தித் தலைப்பு, வைப்புத்தொகை ஆபத்தில் உள்ளது என்பதன் சுருக்கமன்று. “பொதுமக்களிடம் பணம் திரட்டக் கூடாது” என்று செபி பிறப்பிக்கும் ஆணையோ நம் முடிவை அங்கேயே நிறுத்திவிடப் போதுமானது. அது இடைக்கால ஆணையா, இறுதி ஆணையா, மேல்முறையீட்டில் மாறியதா என்பது வழக்கறிஞருக்கு முக்கியம். புதிதாகப் பணம் போட நினைப்பவர் அந்த வழக்கு முடியும்வரை காத்திருப்பதால் இழப்பது எதுவுமில்லை.

மௌனத்தின் பொருள்

இனி, புகாரே இல்லாத நிறுவனத்துக்கு வருவோம். மோசடித் திட்டம் ஒன்றின் இயக்கத்தை அறிந்தால், அந்த மௌனம் ஏன் ஆறுதல் தராது என்பது விளங்கும். புதிதாகச் சேர்வோரின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டி கொடுக்கும் திட்டத்தில், புதியவர்கள் வந்துகொண்டிருக்கும் வரை ஒருவருக்கும் குறை இராது. வட்டி சொன்ன நாளில் வரும். கேட்டவருக்கு முதலும் திரும்பக் கிடைக்கும். மனம் நிறைந்தவர்கள் உறவினர்களையும் அழைத்து வருவார்கள். எனவே அத்திட்டத்தின் மேல் புகார்கள் எழும் நாள், பணம் தீர்ந்த நாளாகவே இருக்கும். அதற்கு முன் தேடியவருக்குக் கிடைப்பது வெறும் பாராட்டு.

அமெரிக்காவின் பெர்னார்ட் மேடாஃப் நடத்திய மோசடி 2008 டிசம்பரில் வெளிப்பட்டது. அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் மறு ஆண்டில் அளித்த அறிக்கையின்படி, 1992 முதல் 2008 வரையிலான பதினாறு ஆண்டுகளில் ஆணையத்துக்கு வந்த உருப்படியான புகார்கள் ஆறு. அவற்றுள் புகழ்பெற்றவை, பணம் கிடைக்காத வாடிக்கையாளர் எழுதியவை அல்ல. “இந்த லாபக் கணக்கு பொருந்தவில்லையே” என்று ஐயுற்ற ஹாரி மார்க்கோபோலஸ் என்னும் நிதி ஆய்வாளர் எழுதியவை. வாடிக்கையாளரின் நிறைவை அளந்திருந்தால் மேடாஃபுக்கு உயர்ந்த மதிப்பெண்ணே கிடைத்திருக்கும்.

நம் நாட்டில் ‘பேர்ல்ஸ்’ என்று மக்கள் அறிந்த பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் வரலாறு இன்னும் அருகிலிருந்து பாடம் சொல்கிறது. விவசாய நிலம் வாங்கி வளர்த்துத் தருவதாகக் கூறி, நாடெங்கும் முகவர்கள் வழியே சிறுசிறு தவணைகளாக அது பணம் திரட்டியது. இது ‘கூட்டு முதலீட்டுத் திட்டம்’, பதிவு பெற வேண்டும் என்று 1999-லேயே செபி கூறியது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2003-இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக அமைந்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கி, செபியை விசாரிக்கச் சொன்னது. 2014 ஆகஸ்டில், ஏறத்தாழ 5.85 கோடிப் பேரிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு செபி ஆணையிட்டது. பணத்தை மீட்டு வழங்க, முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் ஒரு குழுவை 2016-இல் உச்ச நீதிமன்றம் அமைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1999-க்கும் 2013-க்கும் இடையில் ஒருவர் அந்நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருந்தால், முதிர்வுத் தொகை வாங்கியவர்கள் எத்தனையோ பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள். ஆனால், “இந்தப் பணத்தைத் திரட்ட இந்த நிறுவனத்துக்கு எவர் அனுமதி கொடுத்தார்?” என்ற கேள்விக்கு அந்தப் பதினான்கு ஆண்டுகளிலும் தெளிவான பதில் இருந்ததில்லை. அக்கேள்வி நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. புகார்களைத் தேடியவருக்குத் தெரியாத ஒன்று, அனுமதியைத் தேடியவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவேதான், ‘புகார்’ என்று தேடுவதற்கு முன்னர் ‘அனுமதி’யைத் தேட வேண்டும் என்கிறோம். ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய ‘சசேத்’ இணையதளத்தில், அதாவது sachet.rbi.org.in என்னும் முகவரியில், ஒரு நிறுவனம் வைப்பு பெற அனுமதி பெற்றதா என்று பார்க்கலாம்; அனுமதியின்றிப் பணம் திரட்டுவோர் மேல் புகாரும் அளிக்கலாம். வங்கிசாரா நிதி நிறுவனமாகப் பதிவு பெற்றிருப்பது மட்டும் போதாது. அவற்றுள் பெரும்பான்மையானவை பொதுமக்களிடம் வைப்பு பெற அனுமதி இல்லாதவை. கடன் கொடுக்கலாம், வைப்பு வாங்கக் கூடாது. பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டி, “அரசுப் பதிவு பெற்றது” என்று காட்டுவோர் உண்டு. அது நிறுவனம் பிறந்ததற்கான சான்று. பணம் திரட்டுவதற்கான உரிமம் அன்று.

அரசு அமைப்புகளின் எச்சரிக்கைப் பட்டியல்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அனுமதியற்ற அந்நியச் செலாவணி வணிகத் தளங்களின் பட்டியல் ஒன்றை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு நிறுவனம் அனுமதி பெற்றதாகக் கருதிவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே அதில் கூறியிருக்கிறது. எச்சரிக்கைப் பட்டியலில் இல்லாமையே நற்சான்று ஆகாதபோது, எவரோ நடத்தும் புகார்த் தளத்தில் பெயர் இல்லாமை எவ்வாறு நற்சான்று ஆகும்?

இரு நிறுவனங்கள், ஒரு முடிவு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் பத்து லட்சம் ரூபாய் இருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் அவருக்குச் சொல்லப்படுகின்றன. ‘அ’ நிறுவனம் பல ஆண்டுகளாக வாகனக் கடன் கொடுத்து வருவது. வைப்புக்கு எட்டு சதவீத வட்டி என்கிறது. ‘ஆ’ நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதம், மாதந்தோறும் வழங்கப்படும் என்கிறது.

‘அ’ நிறுவனத்தைத் தேடினால், பக்கங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் பத்தை அவர் பொறுமையாகத் திறந்து பார்க்கிறார். மூன்று, நிறுவனத்தின் சொந்தப் பக்கங்கள்: குறைதீர்ப்பு முகவரியும் எச்சரிக்கை அறிவிப்புகளும். இரண்டு, அந்நிறுவனத்தின் பெயரில் போலிக் கடன் கடிதம் பெற்று ஏமாந்தவர்கள் எழுதியவை. மூன்று, வாகனக் கடன் முடிந்தும் ஆவணம் தரத் தாமதம் என்பவை. ஒன்று, ரிசர்வ் வங்கி அபராதம் விதித்த செய்தி. காரணம், வாடிக்கையாளரை அடையாளம் காணும் விதிகளில் குறைபாடு. கடைசி ஒன்று மட்டுமே வைப்பாளருடையது: வட்டியில் தவறாக வரி பிடித்துவிட்டார்கள், திருத்த இரண்டு மாதமாயிற்று என்கிறது. முதிர்வுத் தொகை வரவில்லை என்று ஒன்றும் இல்லை. பத்து முடிவுகளில் அவருக்குப் பொருந்துவது ஒன்று; அதிலும் முதல் இழக்கப்படவில்லை.

‘ஆ’ நிறுவனத்தைத் தேடினால், புகார் ஒன்றுகூட இல்லை. “நம்பலாமா?” என்று தொடங்கி “நம்பலாம்” என்று முடியும் சில பக்கங்களும், மாதந்தோறும் வரவு வந்ததைத் திரைப்படமெடுத்துக் காட்டும் காணொளிகளும் வருகின்றன.

இங்கே நின்றிருந்தால் பணம் ‘ஆ’ நிறுவனத்துக்குப் போயிருக்கும். ஆசிரியை அடுத்த படிக்குச் செல்கிறார். ‘அ’ நிறுவனம் வைப்பு பெற அனுமதி பெற்றவற்றின் பட்டியலில், அதே முழுப் பெயரில் இருக்கிறது. ‘ஆ’ இல்லை. கேட்டபோது, “நாங்கள் வாங்குவது வைப்பு அன்று, இது வணிகப் பங்கேற்பு ஒப்பந்தம்” என்று பதில் வருகிறது. உறுதியான விழுக்காட்டில் வருவாய் தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வாங்கும் பணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும், எந்த ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி என்ற கேள்வி நீங்காது. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வட்டி விகிதமும் தன் பங்குக்குச் சாட்சி சொல்கிறது. வங்கிசாரா நிதி நிறுவனங்கள் பொது வைப்புக்குத் தரக்கூடிய வட்டிக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 12.5 சதவீதம், காலம் குறைந்தது 12 மாதம், மிகுந்தது 60 மாதம். பதினெட்டு சதவீதம் என்பது அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. புகார் ஒன்றுகூடத் தேவைப்படாமல், ‘ஆ’ நிறுவனம் கழிந்துவிட்டது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு

‘அ’ நிறுவனத்தில் பத்து லட்சத்தையும் போட்டுவிடலாமா என்றால், அதற்கும் ஆம் என்று இத்தேடல் சொல்லவில்லை. அனுமதி பெற்ற நிறுவனமும் நலிவடையலாம். டி.எச்.எஃப்.எல். என்னும் வீட்டுக்கடன் நிறுவனம் முறையாக அனுமதி பெற்று வைப்பு வாங்கியது. உயர்ந்த தர மதிப்பீடும் கொண்டிருந்தது. 2019 ஜூனில் அது தன் கடன் பத்திரங்களுக்கான தொகையைக் குறித்த நாளில் செலுத்தத் தவறியது. அவ்வாண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவை நீக்கியது. நிறுவனம் பின்னர் திவால் நடைமுறையில் வேறொருவர் கைக்கு மாறியபோது, வைப்பாளர்கள் பலருக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதியே திரும்பியது. வைப்பாளரின் புகார்கள் பெருகியதும் நெருக்கடி வெளிப்பட்ட பிறகுதான்.

வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வங்கிசாரா நிதி நிறுவன வைப்புக்கு அக்காப்பீடு இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் வட்டி இந்த வேறுபாட்டுக்கான விலை என்று கொண்டால், எவ்வளவு போடலாம் என்பதற்கு ஒரு வரம்பு தானே தெரியவரும். இழந்தால் வாழ்க்கை நிலைகுலையும் தொகையை அங்கே வைக்க எந்தத் தேடல் முடிவும் காரணமாகாது.

புகார்ப் பக்கத்தில் காத்திருக்கும் வலை

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகார்களைத் தேடிச் செல்பவரில் பலர் பணம் போடுமுன் ஆராய்பவர்கள் அல்லர். பணம் சிக்கிக்கொண்டதால் தேடுபவர்கள். அவர்களை எதிர்நோக்கியே சிலர் அப்பக்கங்களில் காத்திருக்கிறார்கள். புகாருக்குக் கீழே, “எனக்கும் இப்படித்தான் ஆயிற்று, இந்த எண்ணில் அழைத்தேன், பணம் கிடைத்துவிட்டது” என்று ஒரு கைபேசி எண் இருக்கும். சில நேரங்களில் அது நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண் என்றே எழுதப்பட்டிருக்கும். அழைத்தால் கனிவாகப் பேசுவார்கள். பின்னர் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள், அல்லது பணத்தை மீட்கச் சிறு கட்டணம் கேட்பார்கள். முதல் இழப்புக்கு மேல் இரண்டாம் இழப்பு இவ்வாறு வருகிறது.

தேடல் முடிவிலோ, புகாரின் கீழோ கிடைக்கும் எந்தத் தொலைபேசி எண்ணையும் அழைக்காதீர்கள். எண், பாஸ்புத்தகத்திலிருந்தோ, அட்டையின் பின்புறத்திலிருந்தோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். போலித் தளங்களிலிருந்து பிரித்தறிய, இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் .bank.in என்று முடியும்படி ரிசர்வ் வங்கி மாற்றச் செய்திருக்கிறது. முகவரியின் முடிவைப் பார்ப்பது பயன் தரும். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு நகர்ந்து மறைவதற்குள் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு, முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். அந்த மணி நேரத்தைப் புகார்த் தளத்தில் எழுதுவதில் செலவிடுவது வீண்.

ஆக, வரிசை இதுதான். படிவத்திலிருந்து முழுப் பெயர், அடையாள எண். பின்னர் அனுமதி. அனுமதி இல்லையெனில் அங்கேயே நிறுத்தம். பாராட்டு எத்தனை இருந்தாலும் மேலே பார்க்கத் தேவையில்லை. அனுமதி இருந்தால், அதன் பின்னரே புகார்கள். அவற்றிலும் பணம் வெளியே வரும் வழி அடைபட்டிருப்பதாகச் சொல்பவை முதலில். அத்தகையவை சில கிடைத்தாலும் விலகிவிடலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால், இதுவரை எவரும் எழுதவில்லை என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லையும் அதில் சேர்த்துப் படிக்கக் கூடாது.